எலுமிச்சம்பழமும் மூன்று மாத நோட்டீசும்

கப்பலில் யாராவது எலுமிச்சம்பழத்தை நீட்டி, மோந்து பாருங்கள், குமட்டல் நிற்கும் என்று சொன்னால் எனக்கு இன்றும் கோபம்தான் வரும். பழத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதன்முதலில் எனக்கு அதை நீட்டிய மனிதர் மேல்தான் கோபம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, கோபம் மட்டும் போகவில்லை.

கல்யாணமான புதிதில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை. கரை மறைந்ததுமே நான் தலைதூக்க முடியாமல் படுத்துவிட்டேன். அடுத்த வரிசைப் படுக்கையில் இருந்தவர் எழுந்து வந்து, "இதை மோந்துக்கிட்டே படு தங்கச்சி, சரியாயிரும்" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், எங்களுக்கும் அதே பக்கம். தீவுக்குப் போய் ரொம்ப நாளாகி, மரக் காண்டிராக்ட் எடுத்து, நாலு காசு பார்த்தவர். எங்களுக்கு அவர் அண்ணாச்சி ஆனார்.

அந்தமானில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம் மாதிரி. வீட்டு விசேஷத்துக்கு முதலில் அவர்களுக்குத்தான் சொல்லுவார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி அங்கிருந்து வரும். பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது வேறு யாரை நம்புவது? நல்ல வழக்கம்தான். அதையே தூண்டிலாக வைத்து ஒருவர் பிழைப்பு நடத்துவார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அரசாங்க குவார்ட்டர்சுக்கு வரிசை நீளமாக இருந்தது. என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார். அறை என்றால் திரைச்சீலை கட்டிய ஒரு மூலை. அவருடைய மாமியார் அடுத்த கப்பலில் வருவதாகத் தந்தி வந்ததும் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. மழையும் தொடங்கப் போகிற சமயம். அண்ணாச்சிதான், தீவில் எல்லாரும் பேசுகிற இந்தி கலந்து, "டாலிகஞ்ச்ல நம்ம மக்கான் ஒண்ணு, மரவீடு, சும்மா கெடக்கு, வந்து இருந்துக்கோங்க" என்றார். ஆறு மாத வாடகை அட்வான்ஸ். அந்தப் பணம் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து சேர்த்தது. அது போனால் எங்களிடம் வேறு ஒன்றும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனோம். கோர்ட்டுக்குப் பக்கத்து டைப்பிஸ்டிடம் கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் அக்ரிமெண்ட் அடித்துத் தயாராக வைத்திருந்தார். இங்கிலீஷில் இருந்தது. அண்ணாச்சியின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். சாட்சிக் கையெழுத்துப் போடப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தாளை வாங்கிய கையோடு பேனா மூடியைத் திறந்துவிட்டார். எங்கே கையெழுத்து என்று தேடிக் கடைசிப் பக்கத்துக்கே போய்விட்டார்! ஆபீசில் ஒரு பென்சில் வாங்க வந்த தாளைக்கூட நாலு தடவை புரட்டிப் பார்க்கிற மனிதர் அவர்.

"கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்று நான் கையை நீட்டினேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணாச்சி முன்னாடி வச்சு என்னத்தைப் பாக்கப் போற?" என்றார் மெதுவாக.

அண்ணாச்சி சிரித்தார். "படிக்கட்டும் தம்பி, கோயி பாத் நஹி, பரவாயில்ல. பதினோரு மாசத்துக்குத்தான் எழுதியிருக்கு. வருஷத்துக்கு மேல போட்டா ரெஜிஸ்டர் பண்ணணும், அந்த ஜஞ்சட், அலைச்சல்லாம் எதுக்கு? மத்ததெல்லாம் எல்லாரும் போடுததுதான்."

பதினோரு மாதம் சரிதான். மற்றதைப் படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாயிற்று. காலி செய்வதென்றால் நாங்கள் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அட்வான்ஸ் முழுவதும் அண்ணாச்சிக்கே. அவர் எங்களைக் கிளப்புவதென்றால் ஒரு மாதம் போதும். கூரைத் தகரம், தூண், பலகை, கிணறு, எது கெட்டாலும் ரிப்பேர் எங்கள் செலவு. போகும்போது வீடு முழுக்கப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் போவதற்கு முன்பே வயதாகிப்போன மரவீடு அது. மழைக்கு மழை தகரம் துருப்பிடிக்கிற ஊர்.

"எங்களுக்கு முன்னாடி யாரு அண்ணாச்சி இருந்தாவ?" என்று கேட்டேன்.

அவர் பெருமையாகச் சொன்னார். "கவர்மெண்ட் ஆளுகதான். நான் கவர்மெண்ட் ஆளுகளுக்கு மட்டுந்தான் மக்கான் குடுப்பேன். யாவாரிக்குக் குடுத்தா கெளம்ப மாட்டான். கவர்மெண்ட் ஆளுன்னா வருஷத்துக்குள்ள ட்ரான்ஸ்பர் வந்திரும், போயிருவாவ."

"அவுகள்லாம் மூணு மாசத்துக்கு முந்தியே நோட்டீஸ் குடுத்தாவளா?"

அதற்குப் பதில் சொன்னது அவருடைய மனைவி. காலி டம்ளரை எடுத்துக்கொண்டே, ஒரு கள்ளமும் இல்லாமல், "எப்படிம்மா குடுக்க முடியும்? ஆர்டர் வந்தா அடுத்த கப்பல்ல ஏற வேண்டியதுதான. பாவம், போன தடவை இருந்த பொண்ணு அழுதுக்கிட்டே போச்சு" என்றார். அண்ணாச்சி திரும்பி ஒரு முறை முறைத்தார். அந்த அம்மா டம்ளரோடு உள்ளே போனவர் அப்புறம் வெளியே வரவே இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாற்றலாகிற ஆட்களாகப் பார்த்து வீடு கொடுப்பது. மாற்றலாகிறவனால் கொடுக்கவே முடியாத நோட்டீசை எழுதி வைப்பது. ஆள் போனதும் அட்வான்சை விழுங்குவது. இதற்கு ஆள் பிடிக்கத்தான் கப்பலில் எலுமிச்சம்பழம்! குமட்டிக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன், ஆறு மாத வாடகைதான் தெரிந்திருக்கும்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது அண்ணாச்சி" என்றேன்.

"எந்திரி, போலாம். மானத்தை வாங்காத" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கோபம் என் மேல். அந்த நிமிஷத்தில் எனக்கு அண்ணாச்சியைவிட அவர் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. "என் காசு. நான் படிச்சுத்தான் குடுப்பேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

அண்ணாச்சி குரலைக் குழைத்தார். "ஒரே கப்பல்ல வந்தவங்க நாம. ட்ரான்ஸ்பர்னா அட்வான்ஸைத் திருப்பித் தந்திர மாட்டனா? வாயால சொல்லுதேன். பரோசா இல்லையா தங்கச்சி, நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அப்ப அதையே எழுதிருங்க."

"டைப் அடிச்ச காகிதத்தை மாத்த முடியாதும்மா."

"கோடு போட்டு அடிச்சுட்டுக் கையால எழுதி, ஓரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும். மாட்டேன்னா வேண்டாம். ஆனா ஏன் வீடு எடுக்கலைன்னு ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாவ. நான் சொல்லத்தான் செய்வேன்."

அவருடைய இரையெல்லாம் அந்த ஆபீசிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற சாட்சிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரி. பொம்பளை எழுத்து என் ஸ்டாம்ப் பேப்பர்ல வேண்டாம். தம்பி எழுதட்டும்" என்றார். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதினார். நோட்டீஸ் இரண்டு பக்கமும் ஒரு மாதம். மாற்றல் உத்தரவு வந்தால் அதன் நகலே நோட்டீஸ். சாவியைக் கொடுக்கிற அன்றே அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். வாடகை பாக்கியும் நாங்கள் உடைத்ததும் மட்டும் கழிக்கலாம். புழங்கித் தேய்ந்தது சேதம் ஆகாது. பெயிண்ட் எங்கள் பொறுப்பு இல்லை. பல்பு, தாழ்ப்பாள், கண்ணாடி எங்கள் செலவு, கூரையும் தூணும் கிணறும் அவர் செலவு. இதே திருத்தங்களோடு, கையெழுத்துகளோடு எங்களுக்கும் ஒரு பிரதி. அந்தப் பிரதியைக் கேட்டதற்குத்தான் அண்ணாச்சி ரொம்ப வருத்தப்பட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். நானும் எட்டிப் பிடிக்கப் போகவில்லை.

டாலிகஞ்ச் வீட்டுக்குக் குடிபோன முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்தோம். "போடுதேன், போடுதேன். தகரம் மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வரணும்லா" என்று கப்பலுக்குக் கப்பல் சொன்னார். அவர் செலவு என்று எழுதியதோடு விட்டுவிட்டோம், எத்தனை நாளுக்குள் என்று எழுதவில்லை. வாளியும் அண்டாவும் ஏந்தி வைத்து, படுக்கையை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டு அந்த மழைக்காலத்தை ஓட்டினோம். ஒவ்வொரு சொட்டுக்கும் அவரைத் திட்டினேன். மழை முழுக்க நின்ற பிறகு தகரம் வந்தது.

வருஷம் முடிவதற்குள், அந்தமானிலேயே வடக்கே இருக்கிற மாயாபந்தருக்கு மாற்றல். உத்தரவின் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். சமையலறைச் சுவரில் புகை படிந்திருக்கிறது என்றார். புழங்கித் தேய்ந்தது என்ற வரியைக் காட்டினேன். தூண் ஒன்றைக் கரையான் தின்றிருக்கிறது என்றார். தூண் யார் செலவு என்ற வரியைக் காட்டினேன். அட்வான்சை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். கப்பல் சொந்தம் அன்றோடு முடிந்தது.

மாயாபந்தரில் ஒரு நாள் சாயங்காலம், புதிதாக வந்து சேர்ந்த கிளார்க் ஒருவர் வாடகை அக்ரிமெண்டை எடுத்துக்கொண்டு யோசனை கேட்க வந்தார். அவருடைய மனைவி சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் எங்கள் பழைய பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"அக்ரிமெண்ட்னா ஒவ்வொரு வரியாப் படிக்கணும் தம்பி. ஊர்க்காரன், கப்பல்ல கூட வந்தவன்னு ஏமாந்துரக் கூடாது. நான் அன்னைக்கு உக்காந்து படிச்சு, ஆளை அங்கேயே மடக்கிட்டேன். பாருங்க, எல்லாம் நான் எழுதினது."

டீயோடு வந்த நான் அப்படியே நின்றேன். அவர் பொய் சொல்லுகிற முகத்தோடு சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பிவிட்டிருந்தார். காகிதத்தில் இருந்தது அவருடைய எழுத்துதான், யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லுவார்கள். டம்ளரை அவர் முன்னால் வைத்த வைப்பில் டீ தளும்பி மேஜையில் ஓடியது.

"நீ படிச்சியா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவள் கணவனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவங்க பாத்துக்குவாங்க அக்கா."

புது அக்ரிமெண்டை அந்த ஆள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி அவள் மடியில் போட்டேன்.

"டீ ஆறினா வேற போட்டுத் தாரேன். முதல்ல படி" என்றேன்.