டப்பா மூடிக்கு எடுத்த படம்

கல்யாணத்தையும் தேவாலயத்துப் புதுநன்மை விழாவையும் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு ஐஸ்கிரீமைப் படம் எடுக்கத் தெரியாது. அதைச் சொல்லாமல் வேலையை ஒப்புக்கொண்டேன்.

உழவர்கரையில் சின்ன ஐஸ்கிரீம் தொழிற்சாலை. நடத்தியவர் ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அக்கா. அதுவரை வெள்ளை டப்பாவில் பெயரை மட்டும் அச்சடித்து விற்றவர், அந்தக் கோடைக்கு மூடியில் படம் போட நினைத்தார். வெனிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்தா மூன்றும் சேர்ந்தாற்போல. "உள்ள இருக்கறதுதான் மூடியில தெரியணும் தம்பி," என்றார். அவ்வளவுதான் நிபந்தனை.

ஸ்டுடியோவில் உருண்டைகளை வைத்து விளக்கைப் போட்டேன். ஃபோகஸ் பார்ப்பதற்குள் தட்டில் குழம்பாகிவிட்டன. இரண்டாம் முறையும் அப்படியே. அப்புறம் விளம்பரக்காரர்கள் செய்வதாகக் கேள்விப்பட்டதைச் செய்தேன். வனஸ்பதியில் பொடித்த சர்க்கரையைப் பிசைந்து, சாயம் சேர்த்து உருட்டினேன். பக்கத்தில் சாய்த்துவைத்த டப்பா மூடியில் உறைபனி தெரிய உப்புத்தூள் தூவினேன். படம் அழகாகவே வந்தது.

பிரிண்டை அக்கா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு டப்பா நிரப்பும் பெண்ணைக் கூப்பிட்டார். பல வருடமாக அந்த வேலையைச் செய்பவர். படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம சரக்கு இல்லக்கா."

"எப்படிச் சொல்ற?"

"நம்ம ஸ்ட்ராபெரி பாலு கலந்த ரோசு. நடுவுல பழத்துணுக்கு செவப்பா தெரியும். இதுல ஒரே ரோசா இருக்கு. ஓரத்தையும் பாருங்க, எங்கயும் எளகல. வெளிய வச்சா ஓரந்தான மொதல்ல எளகும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இது என்னா தம்பி?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "வனஸ்பதிக்கா," என்றேன்.

அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "அச்சகத்துல நாளைக்குக் காலையில படம் கேட்டிருக்காங்க. விட்டா கோட போயிடும்," என்று மட்டும் சொன்னார்.

"இன்னைக்கே இங்கியே எடுத்துத் தரேங்கா. நெஜ ஐஸ்கிரீம்லயே."

மணி மூன்று. பேக்கிங் அறையின் வடக்கு ஜன்னலில் வெயில் விழாத நல்ல வெளிச்சம் இருந்தது. ஐந்து மணிக்கு மேல் அது நிற்காது. பக்கத்திலேயே குளிர் அறை. "நாலு தடவ எடுத்துப் பாருங்க, அதுக்கு மேல கதவ தொறக்க விடமாட்டேன். மத்த சரக்கு எளகிடும்," என்றார் அக்கா.

அந்தப் பெண் ஒரு டப்பாவைப் பத்து நிமிடம் வெளியே வைத்தார். எடுத்தவுடன் அள்ளினால் பொடிப்பொடியாய் உடையுமாம். ஈரமில்லாத கரண்டியால் நாலு தடவைக்கும் உருண்டைகளை அள்ளித் தட்டுகளில் வைத்து, மறுபடி உள்ளே வைத்து இறுக விட்டார். அதற்குள் ஸ்டுடியோவிலிருந்து கேமராவையும் வனஸ்பதி உருண்டைகளையும் எடுத்துவந்து, நிஜ உருண்டைகள் வரவேண்டிய இடத்தில் அவற்றை வைத்துக் கேமராவைச் சரிசெய்தேன். நிறம் மாறாமலிருக்க வெள்ளைத் தாள் ஒன்றை அதே வெளிச்சத்தில் எடுத்து, அதற்கேற்பக் கேமராவை அமைத்தேன். காற்றில் உருகும் என்று மின்விசிறியையும் நிறுத்தினோம். வியர்வை கண்ணில் வழிந்தது.

முதல் தடவை, குளிர் அறையில் பனி பூத்த மூடியை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தோம். வெண்பனி நான் பார்க்கப் பார்க்கவே நீர்த்துளியானது. இரண்டாம் தடவை அவசரப்பட்டு எடுத்தேன். உருண்டைகள் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வறண்டிருந்தன. மூன்றாம் தடவை பிஸ்தா சரிந்து வெனிலாவில் மோதியது. அக்கா வாசலில் கைகட்டி நின்றார். ஜன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"இது கடைசி," என்றார்.

அந்தப் பெண் என்னிடம் வந்து, "நான் சொல்றப்ப எடுங்க சார். ஓரம் பளபளன்னு ஆவும். அதுக்கு முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். மூடிய கடைசியா வைக்கறேன்," என்றார்.

உருண்டைகளை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெனிலாவின் அடியோரம் லேசாக மின்னியது. அவர் ஓடிப்போய் மூடியோடு திரும்பி, ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து வைத்துக் கையை எடுத்தார்.

"இப்ப."

ஏழு படம் எடுத்தேன். எட்டாவதுக்குள் ஸ்ட்ராபெரி வழிந்து தட்டைத் தொட்டது.

லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்தாவது படம்தான் சரியாக வந்திருந்தது; மூடியின் பனி மாவு தடவியதுபோல் படிந்திருந்தது. பிஸ்தா வெளிறித் தெரிந்ததால் பச்சையைக் கொஞ்சம் ஏற்றப்போனேன். "வேணாம் சார், பாசி மாதிரி ஆயிடும். அது அப்படித்தான் இருக்கும்," என்றார் அந்தப் பெண். விட்டுவிட்டேன்.

மூடிகள் அச்சாகி வந்த அன்று அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு மூடியை நிஜ உருண்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சில் பிஸ்தா ஒரு நூல் மங்கியிருந்தது.

"மத்ததெல்லாம் நம்மளுதுதான்," என்றார்.

பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். அடுத்த கோடையில் மாம்பழச் சுவை வந்தபோது வேறு ஒருவரை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். வருத்தமாக இருந்தது. ஆனால் ஏன் என்று அவரிடம் கேட்க எனக்கு முகமில்லை.