கல்யாணப் பொண்ணு எங்கே என்று தையற்காரம்மா கேட்டார்

தையற்காரம்மாவுக்கு அனுப்பிய முதல் செய்தியை மூன்று தடவை அழித்து எழுதினேன். கடைசியில் அனுப்பியது இது: "வீட்டில் கல்யாணம். மூன்று பட்டு ப்ளவுஸ். முகூர்த்தப் புடவைக்கு மட்டும் ஆரி வேலை. அளவு ப்ளவுஸும் துணியும் இந்த வியாழக்கிழமை கொண்டு வருகிறேன். மூன்று வாரத்தில் ட்ரையல் வேண்டும். கல்யாணம் அதற்கு அடுத்த வெள்ளி. புதன்கிழமைக்குள் கையில் வந்துவிட வேண்டும்."

யாருக்குக் கல்யாணம் என்று எழுதவில்லை. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அடையாறில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பதினோரு வருடமாகத் தனியாக இருந்தேன். அப்பா, அம்மா இல்லை. கனடாவில் இருக்கும் தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "எனக்குத்தான்" என்று எழுதக் கூச்சமாக இருந்தது.

அவர் குரல் செய்தி அனுப்பினார். "சந்தோசம் மேடம்! பொண்ணு அளவு ப்ளவுஸ் எடுத்துக்கினு வாங்க. கழுத்து டிசைன் இன்னா வேணும்னு சொல்லுங்க, பிரேம்ல துணி கட்றதுக்கு முன்னாடியே மார்க் பண்ணணும்."

அந்த 'பொண்ணு'வைத் திருத்த அப்போதே ஒரு வரி போதும். ஆனால் "டிசைன் நீங்களே பார்த்துப் போடுங்க" என்று மட்டும் பதில் எழுதினேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் அவர் கடை. வியாழக்கிழமை என்னுடைய பழைய ப்ளவுஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை மேஜைமேல் விரித்துப் பார்த்தார். "பொண்ணும் உங்கள மாதிரியே போல" என்றார். சிரித்து வைத்தேன்.

ட்ரையல் அன்று சனிக்கிழமை. திரைக்குப் பின்னால் போய் முகூர்த்த ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பக்கம் மேலேறி, தோள்வரை அகலமான கழுத்து, நடுவில் வெட்டே இல்லாமல் மயில்கழுத்து நிறத்தில் முழுக்க வேலை. கொக்கி எல்லாம் முதுகில். கையைப் பின்னால் வளைத்து ஒன்றை மாட்டினேன், அடுத்தது எட்டவில்லை. வியர்த்துவிட்டது. திரையை விலக்கி அவரைக் கூப்பிட்டேன்.

"நீங்க ஏன் மேடம் போட்டுப் பாக்கறீங்க? கல்யாணப் பொண்ணு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நான்தான்."

அவர் வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. அதை எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்தினார். பிறகு என்னைத் திருப்பி நிறுத்திக் கொக்கிகளை மாட்டத் தொடங்கினார்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்றார் மெதுவாக. "சின்னப் பொண்ணுன்னு நெனச்சி பேக் ஹூக் வெச்சிட்டேன். அக்கா, தங்கச்சி யார்னா மாட்டி வுடுவாங்கன்னு. உங்களுக்கு அன்னிக்கி யாரு மாட்டுவா?"

கண்ணாடியில் அவர் முகம் என் தோளுக்கு மேல் தெரிந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். கல்லூரித் தோழி பெங்களூரில், மாலை வரவேற்புக்குத்தான் வருவாள். அலுவலகத்தில் நான் அழைத்தவர்கள் முகூர்த்த நேரத்துக்குத்தான் வருவார்கள்.

"முன்னாடி வெட்டி ஹூக் வெக்க முடியாதா?"

"வேலை பூரா பாழாய்டும்மா. இரு, இரு." இடது கையைத் தூக்கச் சொல்லி அக்குளுக்குக் கீழே தையலை விரலால் தடவினார். "உள்ள ரெண்டு இஞ்சு துணி வுட்டுகீறேன். இந்தப் பக்கம் பிரிச்சி ஜிப் வெச்சிடறேன். கழுத்து அகலமாத்தான் கீது, பின்னாடி ஹூக்க மாட்டி வெச்சிட்டு, தலை வழியா போட்டு ஜிப்ப நீயே இழுத்துக்கலாம்." முதல் தடவையாக 'நீ' என்றார். "கை கொஞ்சம் டைட்டு, அதையும் வுட்டுத் தரேன். என்னென்னன்னு மெசேஜ்ல போட்டுடு, சீசன்ல மறந்துடுவேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டாவது செய்தியை எழுதினேன். "கல்யாணம் எனக்கு. முகூர்த்த ப்ளவுஸ்: இடப்பக்கம் ஜிப், கை இரண்டும் அரை இஞ்சு தளர்த்தணும். மற்ற இரண்டுக்கும் முன் கொக்கியே சரி. மறு ட்ரையல் செவ்வாய் மாலை. எல்லாம் புதன்." முதல் வாக்கியம் தேவையில்லைதான். அவருக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் விட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஜிப் சுலபமாக ஏறியது. சொன்னபடி புதன்கிழமை மூன்றும் வந்தன.

வெள்ளிக்கிழமை மண்டபத்து அறையில் தனியாகவே புடவை கட்டி முடித்தேன். மணமேடைக்குக் கூப்பிட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மடிப்பு கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி பூ வைத்துவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டி மாப்பிள்ளையின் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, ரெடியாயிட்டீங்களா! யாரு கட்டி விட்டாங்க?"

"நானேதான்."

"ஐயோ, பக்கத்து ரூம்லதானே இருந்தோம். ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

அப்படி யாரையாவது கூப்பிடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.