'ஆல்' என்ற இரண்டு எழுத்து

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே டீச்சர், முதுகுக்குப் பின்னால் தசமம். முப்பத்து நாலரை வாங்கியவனை முப்பத்தைந்தாக்கிக் கடத்திவிடுங்கள் என்று எத்தனை பெற்றோர் வந்து கெஞ்சியும் அவள் பேனா அசைந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். உப்பு எவ்வளவு போட என்று அண்ணி கேட்டால், "ரெண்டு சிட்டிகைக்கும் மூணு சிட்டிகைக்கும் நடுவுல" என்பாள். "நாத்தனாரே, உங்களைக் கட்டிக்கிட்டுப் போக ஒருத்தன் வராததுக்கு ஜாதகம் காரணமில்லை" என்று அண்ணி சிரிப்பாள். அதற்கு அவளும் சிரித்துவிடுவாள். அந்த ஒரு கேலிக்கு மட்டும் அவள் ஆதாரம் கேட்டதில்லை.

அதனால்தான் வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டபோது, தலைமையாசிரியை யோசிக்காமல் அவளைக் கைகாட்டினார்.

பத்தாம் வகுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி: கிடைக்கோட்டில் வருகைச் சதவீதம், நிலைக்கோட்டில் அரையாண்டுத் தேர்வின் சராசரி. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு முதலில் 0.71 என்று வந்தது. அவ்வளவு வலுவாக இருக்காதே என்று அவளுக்கே உறுத்தியது. படத்தின் அடிக்கோட்டில் சில புள்ளிகள் வரிசையாகப் படுத்திருந்தன. தேர்வுக்கே வராத பிள்ளைகளுக்கு அலுவலகத்தில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் ஏது? அவற்றை நீக்கினாள், நீக்கியதையும் அறிக்கையில் சொன்னாள். கெழு 0.58க்கு இறங்கியது. அதை வர்க்கமாக்கினால், மதிப்பெண்ணில் காணும் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வருகையோடு சேர்ந்து நகர்கிறது. மீதி வேறு எதனோடோ.

சுருக்கத்தை மூன்று முறை மாற்றி எழுதினாள்: 'வருகை குறைவாக உள்ள மாணவர்களிடம் மதிப்பெண்ணும் பொதுவாகக் குறைவாகக் காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இந்தத் தரவைக் கொண்டு கூற இயலாது.'

குழு கூடும் நாள் காலையில் ஆசிரியர் அறை மேசையில் அறிக்கைக் கட்டு கிடந்தது. முதல் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் ஒரே வரி: 'வருகை குறைந்ததால் மதிப்பெண் குறைந்துள்ளது.'

அவள் படியிறங்கி அலுவலகத்துக்குப் போனாள். தட்டச்சர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"இந்த வரியை யார் மாத்துனது?"

"நான்தான் டீச்சர். நீங்க எழுதுனது கட்டத்துக்குள்ள அடங்கலை. அர்த்தம் ஒண்ணுதானேன்னு சுருக்கிட்டேன்."

"ஒண்ணு இல்லை. குறைந்த*தால்*னு போட்டிருக்கீங்க."

"ரெண்டே எழுத்து டீச்சர். அதுக்குப் போய்…" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தார். "பிரதி எல்லாருக்கும் நேத்தே போயிடுச்சே. குழுச் செயலாளர் அதை வச்சுத்தான் தீர்மானமே எழுதச் சொன்னார். இதோ, இப்பதான் அடிச்சேன்."

தாளை வாங்கிப் படித்தாள். எண்பது சதவீதத்துக்குக் கீழே வருகை உள்ளவர்களுக்கு இந்த ஆண்டு இறுதித் தேர்வின் அனுமதிச் சீட்டு இல்லை. காரணம்: இணைக்கப்பட்டுள்ள அறிக்கை.

படத்தின் இடது பக்கத்துப் புள்ளிகள் அவளுக்கு முகங்களாகத் தெரிந்தன. அம்மா மருத்துவமனையில் கிடக்க, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண் அதில் ஒருத்தி. சீட்டு இல்லையென்றால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். பிறகு திரும்பி வருவாளா என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

தாளோடு வந்து நின்றவளைத் தலைமையாசிரியை கதவைச் சாத்தச் சொன்னார். "உன் வேலை நிரந்தரமாகிறதும் இதே கூட்டத்துலதான் வருது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரேன். அடுத்த வருஷம் திருத்திக்கலாம்."

"அடுத்த வருஷம் அறிக்கையைத் திருத்தலாம் மேடம். பிள்ளைங்களை?"

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

கூட்டத்தில் செயலாளர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கடைத்தெரு முனையில் பெரிய மருந்துக்கடை வைத்திருப்பவர். "வாங்க டீச்சர். அரை மார்க்குக்கே அசையாதவங்க நீங்க. உங்க அறிக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு!"

"அந்த வரி என்னோடது இல்லை சார். தப்பா அச்சாயிடுச்சு."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தாளைப் புரட்டினார்கள்.

"என்ன தப்பு? வராத பசங்க மார்க் குறைவா வாங்குறாங்க. உங்க படமே சொல்லுதே."

"வராதவங்க குறைவா வாங்குறாங்கன்னு சொல்லுது. வரா*ததால* வாங்குறாங்கன்னு சொல்லலை."

"வார்த்தை விளையாட்டு வேண்டாம் டீச்சர்."

அவளுக்குப் பேசி முடித்துவிட்டு வெளியேறிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"சார், உங்க கடைக்கு வாரம் தவறாம வர்றவங்க எப்படி இருப்பாங்க? திடகாத்திரமாவா, நோஞ்சானாவா?"

"நோயாளிங்கதான் வருவாங்க. இது ஒரு கேள்வியா?"

"அதிகமா வர்றவங்க அதிகம் சீக்கா இருக்காங்க. ரெண்டும் சேர்ந்துதான் போகுது. உங்க கடைக்கு வர்றதால சீக்கு வருதுன்னு நான் அறிக்கை எழுதட்டுமா?"

யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக்கிக்கொண்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அவர் காது மடல் சிவந்தது.

"அப்ப பசங்க ஸ்கூலுக்கு வராட்டியும் பரவாயில்லைங்கிறீங்களா?"

"இல்லை சார். வரணும். வராததாலயும் மார்க் குறைஞ்சிருக்கலாம். பாடம் புரியாம, அதனால வராம இருக்கலாம். வீட்ல ஒரு கஷ்டம் இருந்து, அது ரெண்டையுமே இழுத்திருக்கலாம். எதுன்னு இந்தக் கணக்குக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததை என் பேர்ல போட்டு ஒரு பிள்ளையோட சீட்டை நிறுத்தாதீங்க."

பிறகு தலைமையாசிரியை, மேசையைப் பார்த்தபடி, "அறிக்கை தப்பா அச்சானதுக்குப் பொறுப்பு நான்தான். அதை ஆதாரமா வச்சுத் தீர்மானம் போட வேண்டாம்னு கேட்டுக்கறேன்" என்றார்.

செயலாளர் தீர்மானத் தாளை இரண்டாக மடித்தார். "சரி, சீட்டு குடுங்க. ஆனா ஏன் வரலைன்னு வீடு வீடாக் கேட்டு எனக்கு அறிக்கை வரணும். கேள்வி கேட்டவங்களே அதைச் செய்யட்டும்." அடுத்த தாளை எடுத்தார். "நிரந்தரம் சம்பந்தமான விஷயத்தை அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

"பார்க்கலாம் சார்" என்றாள் அவள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது தட்டச்சர் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். கட்டத்தைப் பெரிதாக்கி அவளுடைய இரண்டு வரியையும் அவர் அடித்துக்கொண்டிருக்க, அவள் முதல் எண்ணைச் சுழற்றினாள். எடுத்தது அந்தப் பெண்தான். பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"டீச்சரா? பேரை எடுத்துட்டீங்களா டீச்சர்?"

"இல்லைம்மா. நீ எழுதுற. உனக்குச் சீட்டு உண்டு."

மறுமுனையில் குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது.

"இப்ப ஒண்ணு கேக்கணும். திட்ட மாட்டேன். எந்தெந்த நாள் வர முடியலை, ஏன் முடியலைன்னு சொல்லு."

"தம்பியைத் தூங்க வச்சிட்டு வந்து சொல்லட்டா டீச்சர்?"

"வச்சிட்டு வா. நான் இருக்கேன்" என்று சொல்லி, ரிசீவரைக் காதோடு வைத்தபடியே காத்திருந்தாள்.