தாடி வைத்த சித்தி

என் சித்தியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் சிஸ்டர், தெருவில் சிஸ்டர், காய்கறிக் கடையிலும் சிஸ்டர். கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது அப்படியே சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையில் உள்ள சிராய்ப்பையும் காட்டுவார். சித்தி பார்ப்பாள். “தண்ணி படாம வெச்சுக்கங்க” என்பாள். அதற்குக் காசு கிடையாது, கத்தரிக்காய்க்கு உண்டு.

புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுதான் அவள் வேலை. “வலிச்சா சொல்லுங்க” என்பாள், ஆனால் சொல்ல நேரம் கொடுக்க மாட்டாள். பழைய கட்டு அதற்குள் தொட்டிக்குப் போயிருக்கும். இப்படி வார்டில் நின்றே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சித்தப்பா போன பிறகு கடன் போட்டு வாங்கிய ஸ்கூட்டரைக் கூட, கால் ஊன்றி நிறுத்த முடியவில்லை என்று விற்றுவிட்டு, அந்த வயதில் கார் ஓட்டப் பழகி உரிமம் வாங்கினாள்.

நான் அப்போது ஊரில் இல்லை. உலகத்தைப் பார்க்கிறேன் என்று கிளம்பிப் போய், ஓட்டல்களில் பாத்திரம் தேய்த்தும், பழத்தோட்டங்களில் கூடை சுமந்தும், லாரி ஓட்டியும், நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா, “ஒரு வேலையோட வா, அப்புறம் பேசலாம்” என்றாள். சித்தி நிபந்தனை எதுவும் போடவில்லை. அவள் வீட்டுச் சோபா என் நாடாயிற்று.

வந்த வாரமே ஒரு தபால் வந்தது. சித்தி பிரித்தாள், உள்ளே இருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஓட்டத் தெரியல. ஆனா தொடைச்சு வெச்சிருக்கான்” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். போக்குவரத்துக் காவல் பிரிவின் அபராத நோட்டீஸ். சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதற்கு. படத்தில் சித்தியின் பழைய ஸ்கூட்டர், அதன் மேல் அடர்ந்த தாடியுடன் ஒருவர். கீழே, உரிமையாளர் என்ற இடத்தில், சித்தியின் பெயரும் முகவரியும்.

“சித்தி, இது உங்க பேர்ல வந்திருக்கு.”

“வண்டிதான் எங்கிட்ட இல்லையே. அது அவங்களுக்குத் தெரியாதா?”

அலமாரியைத் திறந்து காட்டினாள். இதே மாதிரி ஒரு கத்தை. ஒவ்வொன்றிலும் தாடிக்காரர் ஒவ்வொரு சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் பின்னால் மனைவி, இன்னொன்றில் நடுவில் ஒரு குழந்தையும் முளைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் சித்திக்கு அனுப்பிய படங்களைவிட, விற்றுப்போன ஸ்கூட்டர் அனுப்பியவை அதிகம்.

அவள் இதைப் பற்றிக் கவலைப்படாமலே இருந்திருப்பாள். ஆனால் அந்த மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு வேன் வாங்கினார்கள். நடமாட முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்க் கட்டு மாற்ற ஒரு நர்ஸ், வேனை அவரே ஓட்ட வேண்டும். சித்திக்கு என்றே செய்தது போன்ற பதவி. உட்கார்ந்து போகலாம், ஒரு நேரத்தில் ஒரே நோயாளி, வார்டில் நிற்கத் தேவையில்லை. அவள் பெயர்தான் முதலில் இருந்தது. மேனேஜர் ஒன்றே ஒன்று கேட்டார்: ஓட்டுநர் பதிவில் குற்றம் எதுவும் இல்லை என்று காட்டும் சான்று.

“இந்தத் தாடிக்காரன் என் வேலையைக் கெடுத்துருவானாடி?” என்று கேட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதில்லை.

“சித்தி, நான் எத்தனை நாட்டு எல்லையில நின்னு பேசியிருக்கேன். இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?”

அதோடு நின்றிருக்கலாம். சித்தி குளிக்கப் போன நேரத்தில் செல்போனில் அபராதம் கட்டும் இணையதளத்தைத் திறந்தேன். வண்டி எண்ணைப் போட்டதும் எல்லா நோட்டீசும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பொத்தான்கள்: ‘செலுத்துக’, ‘ஆட்சேபிக்க’. ஆட்சேபிப்பதென்றால் ஆவணங்கள் கேட்டது. செலுத்துவதற்கு எதுவும் கேட்கவில்லை. கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, பழப்பறிப்பில் மிச்சம் பிடித்த பணத்தில் மூன்றைக் கட்டினேன். நான்காவதில் கணக்கில் காசு தீர்ந்தது. என் வாழ்க்கையில் ஏழ்மை எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

சித்தி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். “மூணு முடிஞ்சது” என்றேன், ஏதோ மலையேறி இறங்கியவளைப் போல. அவள் கண் கலங்கி, எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் இருவரும் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டீஸ் படங்களைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். மறுபடி படம்.

“தாடி எப்ப எடுத்தீங்க?”

“அது நான் இல்லைங்க. வண்டியை வித்துட்டேன்.”

“தெரியுதும்மா, சும்மா கேட்டேன். விக்கும்போது பேர் மாத்தினீங்களா?”

“ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு, பதிவுப் புத்தகத்தோட அவர்கிட்டயே குடுத்தேன். நாளைக்கே ஆபீஸ்ல குடுத்துடறேன்னார்.”

“எல்லாரும் நாளைக்குத்தான் குடுப்பாங்க. வித்தேன்னு எங்களுக்கு நீங்க தனியாத் தெரிவிச்சிருக்கணும். தெரிவிக்காத வரைக்கும், எங்க கம்ப்யூட்டருக்கு அது உங்க வண்டி. கேமரா நம்பரைத்தான் பார்க்கும், மூஞ்சியைப் பார்க்காது.” குரலைத் தாழ்த்தினார். “அபராதத்தோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. யாரையாவது இடிச்சிருந்தா முதல்ல உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பாங்க.”

சித்தி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வித்ததுக்கு ஏதாவது எழுதி வாங்கினீங்களா?”

அதை மட்டும் சித்தி செய்திருந்தாள். இருவரும் கையெழுத்துப் போட்ட விற்பனை ஒப்பந்தத்தின் பிரதி, ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்டது, வாங்கியவரின் அடையாள அட்டை நகலோடு. ஊசி போட்டாலே நேரம் எழுதி வைக்கிறவள் ஸ்கூட்டருக்கு எழுதாமல் விடுவாளா.

“அப்ப பாதி வேலை முடிஞ்சது. விற்பனைத் தகவலை இன்னிக்கே பதிஞ்சுக்கறேன். இந்தப் பேப்பரை வெச்சு, வித்த தேதிக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு நோட்டீசுக்கும் போக்குவரத்துப் பிரிவுல ஆட்சேபணை குடுங்க. ஓட்டினவர் இன்னார்னு எழுதுங்க. அவங்க அதை அவர் பேருக்குத் திருப்பி விடுவாங்க. அவர் கட்டினதும் ரெண்டு பேரும் சேர்ந்து இங்க வாங்க, பேர் மாத்திடலாம். பாக்கி இருந்தா பேர் மாறாது.” திரையைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். “மூணு கட்டியிருக்கே. யார் கட்டினது?”

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

“எதுக்கு?”

“பிரச்சினை தீரட்டும்னு.”

“கட்டினா, ஆமா நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். இந்த மூணும் இப்ப இவங்க ஓட்டுநர் பதிவுல ஏறியிருக்கும். நேத்து வரைக்கும் நோட்டீஸ்தான். இப்ப குற்றம்.”

தாடிக்காரரால் ஒரு வருஷமாகச் செய்ய முடியாததை நான், சித்தி குளித்து வருவதற்குள் செய்து முடித்திருந்தேன்.

சித்தி என்னைத் திட்டவில்லை. “வலிச்சா சொல்லுடி” என்றாள், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஒப்பந்தத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். தாடிக்காரர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். சிமெண்ட் கையோடு, அதே ஸ்கூட்டரில், போக்குவரத்துப் பிரிவு வாசலுக்கு வந்து இறங்கினார்.

“சிஸ்டர், சத்தியமா மறந்துட்டேன். ஃபார்ம் வண்டி சீட்டுக்கு அடியிலயே இருக்கு. நோட்டீஸ் எதுவும் வரலையா, சரி, நம்ம ஒழுங்காத்தான் ஓட்டறோம்னு நெனச்சேன்.”

“எல்லாம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. இந்தாங்க” என்று கத்தையை நீட்டினாள் சித்தி. “குழந்தைக்கு என்ன வயசு?”

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இது மஞ்சள்ல போனது சிஸ்டர்.”

“சிவப்பு. எல்லாமே சிவப்பு. குழந்தையை நடுவுல வெச்சுக்கிட்டு சிவப்புல போறீங்களே, என் வார்டுல படுத்திருக்கவங்களை ஒருநாள் வந்து பாருங்க.”

அவர் கத்தையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்து, வண்டியைத் தான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டாமல் இருந்தவை எல்லாம் அவர் பேருக்கு மாறின. கட்டிய மூன்றுக்கு மட்டும் அங்கிருந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மறுபரிசீலனைக்கு மனுக் கொடுக்கலாம், ஒப்பந்தமும் படமும் தாடியும் இருப்பதால் ரத்தாக வாய்ப்பு உண்டு, ஆனால் விசாரணைக்கு நாள் ஒதுக்க மாதக் கணக்காகும் என்றார். வேன் அடுத்த வாரம் கிளம்புகிறது.

சித்தி எதையும் மறைக்கவில்லை. மனுவின் நகலோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன், குற்றவாளி நிற்கிற இடத்தில்.

மேனேஜர் படங்களைப் பார்த்துச் சிரித்தார். “இது நீங்க இல்லைன்னு எனக்கே தெரியும் சிஸ்டர். ஆனா பதிவுல இருக்கே. இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். விசாரணை முடியற வரைக்கும் வேனை ஓட்ட வேற ஆள் கிடைச்சா, இடம் உங்களுக்குத்தான். ரெண்டு ஆளுக்கு முழுச் சம்பளம் மட்டும் என்னால தர முடியாது.”

சித்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த பயணத்துக்கு எந்த ஊர் என்று நான் அன்று காலையில்தான் முடிவு செய்திருந்தேன்.

“மலைப்பாதையில எல்லாம் லாரி ஓட்டினேன்னு சொன்னியே.”

“அது வந்து சித்தி…”

“உன் பதிவுல ஏதாவது இருக்கா?”

இல்லை. உரிமம் இருந்தது, ஆனால் என் பேரில் வண்டியே இருந்ததில்லை, குற்றம் எங்கிருந்து வரும். அரைச் சம்பளத்துக்கு மேனேஜர் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. தாடிக்காரர் பாக்கியைக் கட்டியதும் இருவரும் கவுண்டர் அம்மாள் முன்னால் போய்க் கையெழுத்திட்டார்கள். இப்போது சித்தி வீட்டுக்குப் படம் எதுவும் வருவதில்லை. விசாரணைக்குத் தேதியும் வரவில்லை.

உலகம் சுற்றிய நான் தினமும் அதே தெருக்களில், அதே வரிசையில், அதே வீட்டு வாசல்களில் வேனை நிறுத்துகிறேன். பக்கத்தில் சித்தி கட்டுத்துணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது வீட்டில் படுத்திருக்கும் வாத்தியார் நான் உள்ளே வந்தாலே, “டிரைவர் பொண்ணு, இன்னிக்கு எந்த நாட்டுக் கதை?” என்கிறார். அவர் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போதே சித்தி பழைய கட்டை எடுத்துவிடுகிறாள். என் பயணங்களால் இதுவரை யாருக்காவது உபயோகம் என்றால் அது இதுதான்.

நேற்று பெரிய சிக்னலை நெருங்கும்போது பச்சை இன்னும் இருந்தது.

“மாறப்போகுது, நில்லு.”

“பச்சைதானே சித்தி.”

“நில்லுன்னா நில்லு.”

நின்றேன். பின்னால் வந்த எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, என்னை யார் ஓட்டச் சொன்னது என்று கேட்டார். நான் சித்தியைக் கைகாட்டினேன்.