மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன்

வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் எங்கள் அடுக்களைச் சுவர் விழுந்தது. விழுந்தது என்றால் ஏதோ பெரிய சத்தம் கேட்டது போலத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. மத்தியானம் நான் மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சுவர் மெதுவாகக் கொல்லைப்பக்கம் சாய்ந்து, நனைந்த துணிமூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டது. மேலே உத்தரம் ஒரு சாண் இறங்கி நின்றது. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வரைக்கும் அடுக்களையிலிருந்து வாழை மரம் தெரிந்ததே இல்லை.

கரமனையில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் பழசு. என் வீட்டுக்காரர் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. ஆனால் வீட்டின் பேரில் ஒரு பைசா கடன் வைக்காமல் போனார். அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். எனக்கும் வேறு ஆசை கிடையாது. நான் போகும்போது வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்க வேண்டும். வேறு எவருடைய பீரோவிலும் இருக்கக் கூடாது.

மேஸ்திரி வந்து பார்த்தார். சுவர், உத்தரம், ஓடு, தரை எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்றார். என் கையில் இருந்த வளையல்கள் பெண்ணின் கல்யாணத்திலேயே போய்விட்டன. மகனுக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் வேலை. மாட்டுப்பெண் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். பேத்தியின் காலேஜ் ஃபீஸ், மளிகை, என் மருந்து எல்லாம் போக மாதம் ஐயாயிரம் மிஞ்சும். அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராத மாதத்தில்.

முதலில் கூட்டுறவு வங்கிக்குப் போனோம். பத்திரம் என் பேரில் இருப்பதால் நானும் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மலையாளத்துக்காரி. தமிழ் பேசிப் பார்க்க அவளுக்கு ஆசை.

"இருக்கம்மே. வீடு ரிப்பேர் லோன் நாலு வருஷம்தான், அதுக்கு மேல இல்ல. வட்டி பன்ரெண்டு. மாசம் ஏழாயிரத்தித் தொள்ளாயிரம்."

"மத்த செலவு?"

"வக்கீல் பாக்கணும், வீட்டுக்கு வில போடணும், பதியணும். எல்லாம் கூடி ஒரு ஆறாயிரம் வரும்."

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலையாளம் பஸ் போர்டு வரைக்கும். ஆனால் பால்காரனுக்கு மாதம் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை, வருஷத்துக்கு எவ்வளவு என்றுதான் கணக்குப் பார்ப்பேன். இதையும் அப்படியே பார்த்தேன். வருஷத்துக்குத் தொண்ணூற்று நாலாயிரத்து எண்ணூறு. நாலு வருஷத்துக்கு மூன்று லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து இருநூறு. ஆறாயிரம் சேர்த்தால் மூன்று லட்சத்து எண்பத்தையாயிரத்து இருநூறு. மூன்று லட்சம் வாங்குகிறவன் எண்பத்தைந்து கூடக் கொடுக்கிறான். வலிக்கும். ஆனால் எண்ணிப் பார்க்கக்கூடிய வலி.

வெளியே வந்ததும் மகன் சொன்னான், "ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு நான் எங்கம்மா போவேன்?"

இரண்டாவது ஒரு தனியார் கம்பெனி. நாங்கள் அங்கே போகவில்லை, அவர்களே வந்துவிட்டார்கள். பாறசாலைப் பக்கத்துப் பையன், ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். மரியாதையான பிள்ளைதான்.

"மாசம் வெறும் ஐயாயிரத்தி இருபத்தஞ்சும்மா. உங்க பட்ஜெட்டுக்குன்னே தச்ச மாதிரி."

"எத்தனை வருஷம்?"

"பத்து. நீங்க பதறவே வேண்டாம், சாவகாசமா அடைக்கலாம்."

"நான் எதுக்குப் பதறணும்? மொத்தம் எவ்வளவுன்னு சொல்லு."

"மாசம் ஐயாயிரத்தி..."

"மாசம் கேட்டாச்சு. மொத்தம்."

அவன் மகனைப் பார்த்தான். மகன் தரையைப் பார்த்தான். பையன் காகிதத்தைத் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தான். ஒளிக்கவில்லை, அதில் அச்சடித்தே இருந்தது. ஆறு லட்சத்து மூவாயிரம். வட்டி பதினாறு.

"வாங்கறது மூணு, குடுக்கறது ஆறா?"

"கைக்கு மூணு வராதும்மா. ஃபைல் சார்ஜும் டாக்ஸும் ஏழாயிரத்தி எம்பது, இன்ஷூரன்ஸ் ஒம்பதாயிரம், ரெண்டும் லோன்லயே பிடிச்சிடுவாங்க. கைக்கு ரெண்டு லட்சத்தி எம்பத்தி மூவாயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபது."

"அப்போ நான் பாக்காத பதினாறாயிரத்துக்கும் பத்து வருஷம் வட்டி. செரி, இன்ஷூரன்ஸ் வேண்டாம்னா?"

"அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா மிச்சக் கடனை அவங்க அடைப்பாங்கம்மா. வேண்டாம்னா எழுதிக் குடுங்க."

மாட்டுப்பெண் உள்ளேயிருந்து சட்டென்று சொன்னாள், "அது இருக்கட்டும்." நானும் அதை விட்டுவிட்டேன். புருஷன் தலைமேல் ஒன்பதாயிரம் மிச்சம் பிடி என்று எந்தப் பெண்ணிடம் சொல்வது?

அவன் போன பிறகு நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். அங்கே மூன்று லட்சத்து எண்பத்தைந்தோடு முடிகிறது. இங்கே ஆறு லட்சத்து மூன்று, கைக்கு வராத பதினாறாயிரத்தை வேறு எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். இரண்டு லட்சத்து முப்பத்து மூவாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அந்தக் காசுக்கு இன்னொரு முக்கால் அடுக்களை எழுப்பலாம்.

மாட்டுப்பெண் தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, எனக்கும் பெருக்கத் தெரியும். மாசம் மூவாயிரம் கிட்ட கூட வேணுமே, அதை யார் கட்டுவா? பகவான் பாங்க்ல வந்து வரிசையில நிப்பாரோ?"

"கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா..."

"எதை இறுக்கறது? பாலையா, உங்க பிரஷர் மாத்திரையையா? சொல்லுங்கோ, இறுக்கிடறேன்."

மகன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. தவணை ஒரு மாதம் தவறினால் அபராத வட்டி, இரண்டு மாதம் தவறினால் நோட்டீஸ். கட்ட முடியாத மலிவுக் கடனைவிடக் கட்ட முடிகிற கொள்ளைக் கடன் மேல் என்றுதான் அவள் சொல்கிறாள். நான் சொல்வதும் சரி. இரண்டு சரியும் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன பண்ணுவது?

நாலு நாள் யோசித்தேன். பிறகு ஒரு வழி தோன்றியது. தனியாகவே பஸ் ஏறிக் கூட்டுறவு வங்கிக்குப் போனேன்.

"மாசம் ஐயாயிரம் கட்டினா நாலு வருஷத்துக்கு எவ்வளவு குடுப்பேள்?"

அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். "ஒரு லட்சத்தி தொண்ணூறாயிரம் எடுத்தா மாசம் ஐயாயிரத்தி மூணு. மதியா அம்மே, போதுமா?"

"மூணு ரூபாயை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரும்பி வரும்போது கரமனை ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. எனக்கு அவசரமே இல்லை. ஒன்று தொண்ணூறு வாங்கிச் சுவரை மட்டும் எழுப்புவது. நாலு வருஷத்தில் அது தீர்ந்துவிடும். பிறகு மீதிக்கு இன்னொரு கடன், அது மூன்று வருஷத்துக்குள் தீரும். அதே ஐயாயிரம்தான், ஆனால் பத்து வருஷம் இல்லை. ஓடு ஒழுகினால் என் அறையில்தான் ஒழுகும். வாளி வைத்துக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதில் ஒரு வாளி ஒரு பெரிய விஷயமா? அந்த ஒரு மத்தியானம் எனக்கு நல்ல பசி எடுத்தது.

மகனிடம் சொன்னேன். அவன் மறுபடி மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, "அம்மா, இது நடக்குமே" என்றான். மாட்டுப்பெண் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார், கம்பியால் ஒரு குத்துக் குத்தினார். கம்பி வெண்ணெயில் போவது போலப் போனது.

"மாமி, சுவர் மட்டும் எழுப்பலாம், எழுப்ப மாட்டேன்னு சொல்லலை. அது மேல எதை வைக்கறது? இந்த மரத்தையா? உத்தரத்தை எறக்கினா ஓடெல்லாம் எறக்கணும். அந்தப் பக்க வீட்டு மரமும் இதே உத்தரத்தோட கோத்துத்தான் நிக்குது. பாதியில நிறுத்தினா அவங்க வீடும் சேந்து வரும்."

"தரையை விட்டா?"

"தரையை விடலாம். ஒரு பதினாறு பதினேழாயிரம் குறையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நான் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

தனியார் கம்பெனி ஆபீசில் பத்துப் பதினைந்து இடத்தில் கையெழுத்து. நான் கைநாட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள், இருக்கட்டும். பையன் தைரியம் சொன்னான், "கையில காசு வர்றப்போ கூடுதலாக் கட்டுங்கம்மா, அதுக்கு அபராதம் கிடையாது. அசல் குறையும், பத்து வருஷம் ஆறாகும்." அது உண்மைதான். ஓணம் போனஸ் வரும்போது கட்டிவிடலாம் என்று மகனும் மாட்டுப்பெண்ணும் பேசிக்கொண்டார்கள். போனஸ் வந்தது, பேத்தியின் செமஸ்டர் ஃபீஸும் அதே வாரத்தில் வந்தது.

அடுக்களை எழுந்தது. சுவர் நன்றாகவே இருக்கிறது. கைக்கு வராத பதினாறாயிரத்துக்கு ஈடாகத் தரையை விட்டுவிட்டோம். அம்மியடியில் பழைய மண் அப்படியே கிடக்கிறது.

ஒரு வருஷம் ஆனதும் கம்பெனியிலிருந்து கணக்குக் காகிதம் வந்தது. மகன் படித்தான்.

"பன்ரெண்டு தவணையும் கட்டியாச்சு. அறுபதாயிரத்து முன்னூறு."

"அசல்ல எவ்வளவு போச்சு?"

அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான். "பதிமூவாயிரம் சொச்சம்."

அப்படியானால் நாற்பத்தேழாயிரம் வட்டிக்கே போயிருக்கிறது. முதல் வருஷங்களில் அப்படித்தான் இருக்கும், அசல் குறையக் குறையத்தான் வட்டி குறையும் என்று மகன் விளக்கினான். அவனுக்கு விளக்கத் தெரியும். நானும் தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் போனில் ஒரு மெசேஜ் வந்தது. வட்டி பதினாறிலிருந்து பதினாறரை ஆகிறதாம். மாட்டுப்பெண் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"தவணை ஏறிடுத்தா?"

"இல்லை. தவணையில மாற்றமில்லைன்னு போட்டிருக்கான்."

"அப்பா! வயத்துல பால் வார்த்தான். நான் பயந்தே போயிட்டேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். தையல் காசில் கட்டும் சின்னச் சீட்டை நிறுத்த வேண்டாம், தீபாவளிக்குப் பெண்ணுக்கு ஒரு சுடிதார் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே தையலுக்குத் திரும்பினாள்.

நான் மகனிடம் மெதுவாகக் கேட்டேன், "தவணை ஏறலைன்னா வேற எது ஏறித்து?"

"மாசம். நாலஞ்சு மாசம் கூடும்மா."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லை."

"செரி, சொல்லாதே" என்றேன். அடுத்த அறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். அன்று தவணை நாள்.