புனிதம் ரீச்சரும் நாலுகால் வண்ணத்துப்பூச்சியும்

புனிதம் ரீச்சர் யாரையும் எளிதில் நம்பமாட்டா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவ. தகப்பன் பேதுரு பிடித்துக்கொண்டு வந்த மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் சட்டியில் போடுவாவாம். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து ஒட்டுசுட்டானுக்கு வந்து எங்கள் வீட்டு அறையில் தங்கினா. தண்ணீர் கொதித்துவிட்டது என்று நான் சொன்னால், குசினிக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் தேயிலை போடவிடுவா. எனக்கு அதில் கோபமில்லை. நானும் பேசுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பதே கூட.

பள்ளிக்கூடத்துக் கிடுகுக் கொட்டிலில் அவ விஞ்ஞானம் படிப்பித்தா. ஒருமுறை பிள்ளைகளுக்கு இணைக்கவர்ச்சுட்டி எழுதக் கொடுத்திருந்தா. எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அதைச் சொல்லியும் தந்தா. ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு கூற்றுகள் இருக்கும். கையிலுள்ள பூச்சிக்கு எது பொருந்துகிறதோ, அது காட்டுகிற படிக்குப் போகவேண்டும். அப்படியே போனால் கடைசியில் அந்தப் பூச்சியின் பெயரில் போய் நிற்கவேண்டும். சிலந்தி, எறும்பு, சாப்பாட்டில் மொய்க்கிற இலையான், வண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் தனித்தனிப் போத்தல்களில் போட்டு மேசையில் வைத்திருந்தாவாம். வந்து பார்த்து எழுதவேண்டியது பிள்ளைகளின் வேலை.

அன்று பின்னேரம் விடைத்தாள் திருத்தும்போது ரீச்சரின் முகம் மாறிற்று. சுமித்திராவும் நிதர்சனாவும் ஒரே வாங்கில் இருக்கிற பிள்ளைகள். இரண்டு பேருமே வண்ணத்துப்பூச்சிக்குக் கால் இரண்டு சோடி என்று எழுதியிருந்தார்கள். பூச்சிக்கு மூன்று சோடி என்று மற்ற எல்லாரும் எழுதியிருக்க, இவர்கள் மட்டும் அதற்கென்று ஒரு படியே வைத்திருந்தார்கள்.

“சரி எல்லாருக்கும் ஒண்டாய் வரும். பிழை அப்பிடி வராது. ஒண்டு மற்றதைப் பாத்து எழுதியிருக்கு,” என்றா.

யார் பார்த்தது என்பதிலும் அவவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நிதர்சனா கரையில் அவவின் அயல்வீட்டுப் பிள்ளை. சுமித்திரா மலையகத்திலிருந்து வந்து குடியேறிய நல்லதம்பியின் மகள். தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரும்படி சுமித்திராவுக்குத்தான் சொல்லியனுப்பினா. எனக்கு அது சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை நல்லதம்பி வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் மகளை மிளகாய்த் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுவதாக அவர் சொல்லிவைத்திருந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுமித்திரா தகப்பனுக்குப் பின்னால் நின்று எங்கள் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காப்பியடிச்சிருந்தா சொல்லிடுங்க டீச்சர். திங்கக்கிழமையிலருந்து வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்.”

ரீச்சர் சுமித்திராவிடம் கேட்டா. “பூச்சிக்கு எத்தினை கால் எண்டு படிப்பிச்சனான்?”

“ஆறு.”

“பிறகேன் நாலு எண்டு எழுதினனீ?”

“போத்தல்ல நாலுதான் இருந்திச்சு டீச்சர். நானும் நிதர்சனாவும் சேந்துதான் எண்ணினோம். எழுதினது தனித்தனியாத்தான்.”

சேர்ந்து எண்ணியதை ஒத்துக்கொண்டதும் ரீச்சர் இன்னும் இறுகிப்போனா. ஆனால் பிள்ளையின் சொல்லை நம்பாதவ தன் சொல்லை மட்டும் எப்படி நம்புவா? போத்தலில் இருந்த பூச்சி செத்துப்போனதால், வேலியோரத்து எருக்கலைச் செடியில் அதே மாதிரிச் செம்மஞ்சள் பூச்சி ஒன்றைப் பிடித்தா. கிளாசுக்குள் விட்டதும் அது கண்ணாடியைப் பற்றிக்கொண்டு நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். நின்றது நாலு காலில்தான்.

ரீச்சர் அதையும் நம்பவில்லை. செட்டைகளைச் சேர்த்துப் பிடித்து வயிற்றுப் பக்கம் திருப்பி, கைவில்லையை வைத்துக்கொண்டு ஈர்க்கு நுனியால் கழுத்துக்குக் கீழே மெல்லத் தடவினா. மயிர் மூடிய சின்னக் கால் ஒன்று மடிப்பிலிருந்து விரிந்தது. மற்றப் பக்கமும் ஒன்று. நிற்க உதவாத கால்கள்.

கனநேரம் கைவில்லையை எடுக்கவேயில்லை.

“ஆறுதான். எண்டாலும், எண்ணிப் பாக்கிற ஆளுக்கு நாலுதான் தெரியும்,” என்றா.

பூச்சியைப் பறக்கவிட்ட பிறகும் அவவின் சந்தேகம் முழுதாய்ப் போகவில்லை. இரண்டு சோடிக் கால் என்ற படியை எடுத்துவிட்டு, தன் கண்முன்னாலேயே திருத்தி எழுதும்படி தாளை நீட்டினா. சுமித்திரா நிலத்தில் குந்தியிருந்து எழுதினாள். நாலு சோடிக் கால் என்றால் சிலந்தி, மூன்று என்றால் அடுத்த படி. செட்டை இல்லாவிட்டால் எறும்பு. ஒரு சோடிச் செட்டை இலையான். இரண்டு சோடியென்றால், முன்செட்டை தடித்து ஓடுபோல் இருப்பது வண்டு, தொட்டால் கையில் தூள் ஒட்டுவது வண்ணத்துப்பூச்சி. நல்லதம்பி ஒன்றும் விளங்காமல் மகளின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் வாசித்து முடித்துச் சரி போட்டா. “முறைப்பாடு ஒண்டுமில்லை. திங்கக்கிழமை பிள்ளையை வேளைக்கு அனுப்புங்கோ. இருந்து தேத்தண்ணி குடியுங்கோ, அண்ணை.”

அவர் கதிரையில் இருந்தார். நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். ரீச்சர் மிச்சத் தாள்கட்டை மடியில் இழுத்து, மூன்று சோடி என்று சரியாக எழுதியிருந்த பிள்ளைகளின் தாள்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினா. ஏற்கெனவே போட்ட சரிகளையெல்லாம் உற்றுப் பார்த்தா.

“இவையில ஒருத்தரும் போத்தலுக்குக் கிட்டவே போகேல்லைப் போல,” என்றா.

பிறகு தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குள் வந்தா.