எட்டுக்கு இளகாத எண்ணெய்

நாங்கள் வேலை பார்க்கும் பேக்கரியில் என் சித்திக்கு 'கண்ணாடி அக்கா' என்று பெயர். கண்ணாடி போட்டதால் வந்த பெயர் இல்லை. கழுவி முடித்த ட்ரேயைத் தூக்கி, அதில் முகம் பார்த்து, கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டால்தான் அந்த ட்ரே அடுப்புப் பக்கம் போகும். முகம் தெரியவில்லையா, மறுபடியும் தொட்டிக்குள். பதினான்கு வருஷமாக இதுதான் சட்டம். அடுப்பு மாஸ்டரே அவசரத்துக்கு ஈர ட்ரேயை இழுத்துக்கொண்டு ஓடினால், பின்னாலேயே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவாள்.

நான் அதே கட்டடத்தில் பிஸ்கட் டப்பாவுக்கு மூடி போடுகிறவள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. ஆய்வகத்தில் இருந்த, புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் புத்தகத்தைக் கிழித்துக் கிழித்து வகுப்பில் எல்லோரையும் நக்கச் சொல்லி, நிறத்தைப் பார்த்து அவரவர் குணத்தைச் சொன்னேன். தலைமை ஆசிரியைக்கு 'புளிப்பு' என்று வந்தது. அன்றோடு படிப்பு முடிந்தது. புத்தகம் மட்டும் என் பையிலேயே தங்கிவிட்டது.

சித்தியின் கதை கெட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் மேற்பார்வையாளர் எடை குறைவாக இருக்கிறதென்று முப்பது புது ட்ரே வாங்கியிருந்தார். அலுமினியம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்ததும் அவை எவர்சில்வர் ட்ரேக்களோடு கலந்து, ஒரே எண்ணெய்ப் பூச்சோடு, ஒரே அடுக்காக வந்து சேர்ந்தன. சித்தி வழக்கம்போல் கொதிக்கக் கொதிக்கச் சலவைச் சோடாத் தண்ணீரில் முக்கினாள். கால் மணி நேரம் கழித்துத் தூக்கினால், எவர்சில்வர் எல்லாம் பளபளவென்று. முப்பது ட்ரே மட்டும் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்து நின்றன.

மேற்பார்வையாளர் கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். அதனால் அவருக்கு 'ஃபைல் சார்' என்று நாங்கள் வைத்த பெயர், அவருக்கும் தெரியும். அந்தக் கோப்பிலிருந்து சித்திக்கு ஒரு தாள் வந்தது. 'கவனக்குறைவால் உடைமை சேதம். முதல் எச்சரிக்கை. மறுமுறை தவறு நேர்ந்தால் வேலை நீக்கம்.' கூடவே ஒரு வாய் உத்தரவும்.

"இனிமே இந்தச் சலவைச் சோடா விஷமே உள்ள வரக்கூடாது. சமையல் சோடாவையே போட்டுக் கழுவுங்க. வாயில போட்டுக்கிற சாமான். பாதுகாப்பு. இதுவும் சோடா, அதுவும் சோடா."

"சார், அது எண்ணெயை எடுக்காது சார்."

"தேய்ச்சா எடுக்கும்மா. தேய்க்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

சித்தி கறுத்த ட்ரேக்களை ஓரமாக அடுக்கினாள். சலவைச் சோடா மூட்டைகள் அன்றைக்கே திரும்பிப் போயின. கழுவும் அறைக்கென்று ஒரு சமையல் சோடா மூட்டை வந்தது.

அடுத்த நாட்களில் நான் பார்த்ததை எழுதக் கை வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கை கையாகச் சமையல் சோடா, சித்தியின் தோள்பட்டை. ட்ரேயில் மேலாக ஒட்டியிருந்த மாவு போனது. வாசனை போனது. அடுப்பில் வெந்து வெந்து ட்ரேயின் மூலைகளில் கோந்தாக இறுகிய பழுப்பு எண்ணெய் மட்டும் அசையவில்லை. அதிகமாகப் போட்டுப் பார்த்தாள். இன்னும் அதிகமாக. மூட்டைதான் குறைந்தது. வியாழக்கிழமை வந்தபோது ட்ரேயில் முகமில்லை, வெறும் மங்கல்.

"எத்தனை கிலோ போட்டாலும் ஒரே குணம்," என்று தேய்ப்பானைத் தொட்டிக்குள் வீசினாள். "கல்யாண வீட்டுல பந்தி முடியுறப்போ வந்து, உதவிக்கு வந்தேன்னு சொல்ற சொந்தக்காரன் மாதிரி."

"யாரு சித்தி, நம்ம மாமாவா?"

"வாயை மூடு. ட்ரேயைப் பிடி."

அன்று மதியம்தான் ஃபைல் சார் தலையை மட்டும் கதவுக்குள் நீட்டினார். நாங்கள் சரக்கு அனுப்பும் பெரிய கடையிலிருந்து சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள். ட்ரேயில் விரல் தேய்த்துப் பார்ப்பார்கள். "அழுக்கு இருந்தா அது ரெண்டாவது தவறு. சொல்லிட்டேன்." தலை மறைந்தது.

சித்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. "பதினாலு வருஷம்டி," என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்யவேண்டும் போல் இருந்தது. வேறொன்றும் தெரியாதே எனக்கு. பையிலிருந்து பிஎச் தாளை எடுத்து, "சித்தி, உன் தொட்டிக்கு என்ன குணம்னு பாக்கலாமா?" என்று முக்கினேன். பச்சையும் நீலமும் கலந்து வந்தது. புத்தக அட்டையில் எட்டு.

"பழைய தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

கறுத்த ட்ரேக்களோடு ஓரமாகக் கிடந்த வாளியில், அந்தச் செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாட்சிக்கு வேண்டும் என்று அவள் கொட்டவில்லை. அதில் முக்கியதும் தாள் கருநீலமானது. பதினொன்று.

"எட்டுக்கும் பதினொண்ணுக்கும் மூணுதானே வித்தியாசம்?" என்றாள் சித்தி, சலிப்பாக.

"ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு சித்தி. பத்து, நூறு, ஆயிரம். அந்தத் தண்ணியில காரம் ஆயிரம் மடங்கு." இதை எழுதித்தான் எனக்கு ஒரே ஒரு தடவை முழு மதிப்பெண் கிடைத்தது.

சித்தி தொட்டியை முறைத்தாள். "அதான் பாரு. அந்தத் தண்ணியில கை விட்டா விரல் வழுக்கும். எண்ணெயே சோப்பா மாறி வழுக்குற வழுக்கு அது. இதுல அந்த வழுக்கலே இல்ல. மூட்டையோட கொட்டினாலும் ஏறாதா?"

"ஏறாது. எட்டு, எட்டரைக்கு மேல இது போகாது."

அடுப்பு மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி அக்கா போய்விட்டால் தன் கேக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்கிற சுயநலமும் உண்டு, சித்தியைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற பாசமும் உண்டு.

"தங்கச்சி, கேக்குல சமையல் சோடா ஒரு சிட்டிகை கூடிப்போனா எப்படி இருக்கும்?"

"சோப்பு நக்கின மாதிரி இருக்கும்."

"ஏன்? சூட்டுல அதுக்குள்ள இருக்கிற வாயு வெளிய போகுது, கேக்கு எழும்புது. புளிப்போட சேராம மிஞ்சின சோடா என்ன ஆகுதுன்னு நெனைக்கிற? சலவைச் சோடாதான் ஆகுது."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தோம். பிறகு அடுப்பைப் பார்த்தோம்.

"ஃபைல் சார் என்ன சொன்னாரு?" என்றாள் சித்தி மெதுவாக. "சமையல் சோடாவையே போடுங்கன்னாரு. போடுவோம்."

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி ரொட்டி இறங்கியதும் அடுப்பு சூடாகவே இருந்தது. இருநூறு டிகிரி. பழைய எவர்சில்வர் ட்ரேக்களில் சமையல் சோடாவை விரல் கனத்துக்குப் பரப்பினோம். ட்ரேக்கு ஒரு கிலோ, தராசில் நிறுத்து. அரை மணியில் ஒன்றை எடுத்துக் கிளறி நிறுத்தோம். எழுநூற்று நாற்பது கிராம்.

"கால் கிலோ எங்கடி போச்சு?" சித்தி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். சந்தேகப்பட அவளுக்கு நியாயம் உண்டு.

"நான் திங்கல சித்தி! ஆவியும் வாயுவுமா போயிடுச்சு."

மறுபடி உள்ளே. ஒரு மணி நேரத்தில் அறுநூற்று முப்பது. இன்னொரு இருபது நிமிஷம். அதே அறுநூற்று முப்பது. "இனிமே குறையாது. முழுசா மாறிடுச்சு," என்றார் மாஸ்டர். பார்ப்பதற்கு அதே வெள்ளைப் பொடிதான். ஆறவைத்து ஒரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்துத் தாளை முக்கினேன். கருநீலம். சித்தி அட்டையை வாங்கித் தானே ஒத்துப் பார்த்தாள். என் வார்த்தையை நம்பும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் அதைக் கொட்டினாள். எவர்சில்வர் ட்ரேக்கள் மட்டும் உள்ளே போயின. ஒவ்வொன்றையும் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தபின்தான் விட்டாள். எங்கள் பழைய ட்ரேக்களில் காந்தம் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. இருபது நிமிஷத்தில் தண்ணீர் டீ நிறமானது. பழுப்புக் கோந்து தோலாக உரிந்து மிதந்தது. தேய்ப்பான் சும்மா வருடியது. சித்தி முதல் ட்ரேயை அலசித் தூக்கி முகம் பார்த்தாள்.

"மூக்கு மட்டும் பெருசா தெரியுது," என்றாள்.

"அது சோடா குத்தம் இல்ல சித்தி."

ஈர ட்ரேயாலேயே ஒன்று போட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்த பெண், வெள்ளைக் கையுறையால் நான்கு ட்ரேயின் மூலைகளைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மூச்சு விடுவதற்குள் ஃபைல் சார் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? சமையல் சோடாவே போதும். நீங்கதான் தேய்க்கச் சோம்பல் பட்டீங்க."

வேலை தப்பியது. சிரித்து மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான். சித்தி கையுறையை மாட்டினாள்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சார்."

இரண்டு கிண்ணங்களில் சுடுதண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் மூட்டையில் இருந்த பொடி. மற்றதில் அடுப்பில் வாட்டிய பொடி. கறுத்த முப்பதில் ஒன்றின் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தாள். முதல் கிண்ணத்தில் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. தகடு மங்கியது, பிறகு கறுத்தது.

"எண்ணெயை எடுக்கிறதும் இந்தக் காரம்தான், அலுமினியத்தைத் திங்கிறதும் இந்தக் காரம்தான். அலுமினியத்துக்கு நீங்க சொன்ன சமையல் சோடா சரி. ஒத்துக்கிறேன். எவர்சில்வர்ல வெந்த எண்ணெய்க்கு அது பத்தாது. நேத்து தேய்ச்சது சமையல் சோடா இல்ல, அதை அடுப்புல வெச்சு நாங்க மாத்தினது. எதை எதுல போடணும்னு எனக்குத் தெரியும். எது அலுமினியம்னு மட்டும் என்கிட்ட சொல்லல. அந்தத் தாள்ல 'கவனக்குறைவு'ன்னு இருக்கே, அது யாருதுன்னு நீங்களே எழுதிக்கோங்க."

அவர் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "உத்தரவை மீறி அடுப்பை உபயோகிச்சிருக்கீங்க," என்று கடைசியில் சொல்லிவிட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரம் சலவைச் சோடா மூட்டை இரண்டு வந்து இறங்கின. அலுமினிய ட்ரேக்களின் ஓரத்தில் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. எச்சரிக்கைத் தாளை மட்டும் ஃபைல் சார் திரும்பப் பெறவில்லை. சித்தி இரண்டு மூட்டையையும் பிரித்து, உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

"என்ன சித்தி தேடுற?"

"என் தப்புன்னு ஒரு வார்த்தை எழுதி உள்ள போட்டிருப்பாரோன்னு பாத்தேன்." கையை உதறினாள். "இல்ல. வெறும் சோடாதான்."

பிறகு என் பிஎச் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்டால் தரமாட்டாள் என்று தெரியும். நானும் கேட்கவில்லை.